800 ரூபாயும் 14 டாலரும்

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால், வண்டலூரும் ஊரப்பாக்கமும் கடந்து, கூடுவாஞ்சேரியை ஒட்டிய வல்லாஞ்சேரியில் எஸ்டான்சியா வளாகம் வருகிறது. ஸோஹோ நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் இந்தப் பெயருக்கு மாறிய நிறுவனம். அது இணையத்தில் விற்கும் மென்பொருள்களில் பெயர்பெற்றது சிஆர்எம். யார் நம் வாடிக்கையாளர், யாரிடம் என்ன பேசினோம், எந்த விற்பனை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் குறித்துவைத்துக்கொள்ளும் மென்பொருள். 2024 வாக்கில் அதன் விலைப் பட்டியலை அமெரிக்காவிலிருந்து பார்த்தவருக்கு, கட்டணத் திட்டங்களில் மிகக் குறைந்தது ஆண்டுச் சந்தாவாகக் கட்டினால் ஆள் ஒன்றுக்கு மாதம் 14 டாலர். இந்தியாவிலிருந்து பார்த்தவருக்கு அதே திட்டம் 800 ரூபாய். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 14 டாலர் 1,190 ரூபாய் ஆகிறது. அதாவது இந்தியருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. மேல் திட்டம் ஒன்றில் 40 டாலருக்கு எதிரே 2,400 ரூபாய். அங்கும் கிட்டத்தட்ட அதே விகிதம்.

அமெரிக்கரின் சராசரி ஆண்டு வருமானம் இந்தியருடையதைப் போல 30 மடங்குக்கு மேல். விலையிலோ ஒன்றரை மடங்குதான் வேறுபாடு. உலக வங்கி வெளியிடும் வாங்குதிறன் கணக்கைப் பார்த்தாலும், அங்கே ஒரு டாலருக்குக் கிடைப்பது இங்கே 20 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்தால் கிடைத்துவிடுகிறது. அந்தக் கணக்கை அப்படியே பின்பற்றினால் சிஆர்எம் சந்தா இங்கே 300 ரூபாய் அளவில் இருந்திருக்க வேண்டும். இதிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. 800 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்றால் அமெரிக்கரிடம் ஏன் 1,190 வாங்க வேண்டும்? வருமானத்தைப் பார்த்துக் குறைப்பதென்றால் 800இல் ஏன் நிறுத்த வேண்டும்? முதல் கேள்வியை அங்கே இருப்பவர்கள் கோபமாகக் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியை இங்கே யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்கத் தகுந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் கோபக்காரரின் கேள்வி. குரோம்பேட்டையில் ஒரு மின்சாதன விநியோகஸ்தர் நான்கு விற்பனைப் பிரதிநிதிகளை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஆளுக்குச் சம்பளம் மாதம் 20,000 ரூபாய். ஒருவருக்கு 800 ரூபாய் சந்தா என்பது அந்தச் சம்பளத்தில் 4 சதவீதம். அமெரிக்காவில் அதே வேலை பார்ப்பவருக்கு மாதம் 4,000 டாலர் என்று வைத்தால், 14 டாலர் என்பது 0.35 சதவீதம். மலிவாகக் கிடைத்ததாகச் சொல்லப்படும் இந்திய முதலாளிதான் பதினோரு மடங்கு அதிகப் பாரத்தைச் சுமக்கிறார். இந்தியர்களுக்குச் சலுகை, நாங்கள் ஏமாளிகள் என்ற பேச்சு, காசை எண்ணுகிறதே தவிர அது எவ்வளவு உழைப்பிலிருந்து கழிகிறது என்பதைப் பார்ப்பதில்லை. குரோம்பேட்டைக்காரரிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. நோட்டுப் புத்தகமும் வாட்ஸ்அப்பும் அவருக்குச் செலவில்லாமல் கிடைக்கின்றன. விற்பவரின் உண்மையான போட்டியாளர் அந்த நோட்டுப் புத்தகம்தான். 1,190 ரூபாய் என்று சொன்னால் அவர் பேரம்கூடப் பேச மாட்டார், வாங்காமலே இருந்துவிடுவார்.

ஏன் 300 ரூபாய்க்கு இறங்குவதில்லை என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் கற்பனை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் போடும் கணக்கு இந்த வடிவத்தில்தான் இருக்கும். சேலையூரில் பத்துப் பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனம், பில் போடும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் விற்கிறது. அமெரிக்காவில் மாதம் 20 டாலர், அங்கே 500 வாடிக்கையாளர்கள். அதே விலையை ரூபாயில் 1,700 என்று இந்தியாவிலும் வைத்தால் 40 பேர் வாங்குகிறார்கள். 600 ரூபாய்க்குக் குறைத்தால் 300 பேர். வாங்குதிறன் கணக்குப்படி 400 ரூபாய்க்கு இறக்கினால் 400 பேர்.

மென்பொருளை இன்னொருவருக்குக் கொடுப்பதால் செலவு கூடுவதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். சர்வர் செலவைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட உண்மை. ஆனால் வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். இருப்புக் கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை, போன மாத பில்லை எப்படித் திருத்துவது, பிரிண்டரில் ஏன் பாதிதான் வருகிறது என்று கேட்கிறார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஒருவர் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தைப் பகிர்ந்தால் வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதம் 150 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். 1,700 ரூபாய் விலையில் வரவு 68,000. உதவிச் செலவு 6,000 போக மிச்சம் 62,000. 600 ரூபாய் விலையில் வரவு 1,80,000. செலவு 45,000 போக மிச்சம் 1,35,000. 400 ரூபாய் விலையில் வரவு 1,60,000. செலவு 60,000 போக மிச்சம் ஒரு லட்சம்.

விலையைக் குறைத்ததும் மிச்சம் இரட்டித்தது, இன்னும் குறைத்ததும் இறங்கிவிட்டது. கீழே இறங்க இறங்க, வாங்குபவர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் உதவிக்கான பங்கு பெருத்துக்கொண்டே போகிறது. 600இல் அது கால் பங்கு, 400இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்திய விலை வருமானத்துக்கு இணையாக ஏன் இறங்குவதில்லை என்பதற்கான விடையில் பெரும்பகுதி இதுதான். இரக்கமின்மையோ பேராசையோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் குறைந்த விலையைத் தர்மம் என்றும் யாரும் சொல்லக்கூடாது. 600 ரூபாய் என்பது விற்பவருக்கு அதிக லாபம் தரும் விலை. அந்த விலையால் வாங்குபவருக்கும் நன்மை கிடைக்கிறது, அவ்வளவுதான். நன்றியை எதிர்பார்க்கும் தொனி சில நிறுவனங்களின் அறிவிப்புகளில் தென்படும்போது எனக்கு உறுத்துகிறது.

இதே கணக்கு முதல் கேள்விக்கும் பதில் சொல்கிறது. சேலையூர் நிறுவனத்தின் ஊழியர்கள் பத்துப் பேரின் சம்பளம் பெரும்பாலும் 500 அமெரிக்க வாடிக்கையாளர்கள் தரும் எட்டரை லட்சத்திலிருந்து வருகிறது. அவர்களுக்கும் 600 என்று விலை வைத்தால் அது மூன்று லட்சமாகச் சுருங்கும். பிறகு அந்த மென்பொருளே இருக்காது, யாருக்கும் எந்த விலையிலும் கிடைக்காது.

ஆனால் இரண்டு விலை நிலைக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வேலி வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்தை இந்தப் பகுதியினர் மெப்ஸ் என்பார்கள். ஜிஎஸ்டி சாலையை ஒட்டி மதில், வாயிலில் சோதனை. உள்ளே தயாராவதை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதையே மதிலுக்கு வெளியே இருக்கும் கடைக்கு விற்றால், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கைப் போன்றது, சுங்க வரி உண்டு. உள்நாட்டுச் சந்தையையும் வெளிநாட்டுச் சந்தையையும் கல்லும் சிமெண்டும் வைத்துப் பிரிப்பதைத் தென்சென்னைப் புறநகர் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது. மென்பொருளுக்கு அப்படி மதில் எழுப்ப முடியாது. வேறு அடையாளங்களைப் பார்த்துத்தான் ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்று முடிவுசெய்ய வேண்டும்.

முதல் அடையாளம், கணினியின் ஐபி முகவரி. எந்த விலைப் பட்டியலைக் காட்டுவது என்று தீர்மானிக்க அது போதும். பணம் வாங்கும்போது அதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் விபிஎன் போட்டுக்கொண்டு டல்லாஸில் இருப்பவர் சென்னையில் இருப்பதுபோல் தோன்றலாம். அதைவிட உறுதியானது கார்டு. கார்டு எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கங்கள் அதை வழங்கிய வங்கியையும் நாட்டையும் காட்டிக்கொடுக்கும். ரூபாய் விலைக்கு இந்திய வங்கியின் கார்டு அல்லது யுபிஐ மட்டும் என்று வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வெளிநாடுவாழ் இந்தியர்களும் இங்குள்ள தங்கள் வங்கிக் கணக்கை வைத்து, சில நாடுகளின் தொலைபேசி எண்ணிலிருந்தே 2023 முதல் யுபிஐ பயன்படுத்த முடிகிறது என்பதால் அதிலும் ஒரு சிறு ஓட்டை உண்டு. நிறுவனங்களுக்கு விற்பவர் ஜிஎஸ்டி எண்ணையும் பில் முகவரியையும் கேட்கலாம். எல்லாவற்றிலும் வலுவானது, பொருளையே உள்ளூருக்கு ஏற்றபடி செய்துவிடுவது. இந்திய ஜிஎஸ்டி படிவங்களும் இ-வே பில்லும் கொண்ட கணக்கு மென்பொருளை ஓஹியோவில் இருக்கும் கடைக்காரர் திருடிக்கூடப் பயன்படுத்த முடியாது. சிஆர்எம்முக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

வேலி முழுக்க அடைபட்டிருக்க வேண்டியதில்லை. சேலையூர்க் கணக்குக்கே திரும்பலாம். இந்தியாவில் விலையைக் குறைத்ததால் கூடுதலாகக் கிடைத்தது 73,000 ரூபாய். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் இந்திய விலைக்குத் தாவினால் நட்டம் 1,100. ஆக 66 பேர் தாவும்வரை குறைந்த விலை தாங்கும். 500 பேரில் அது 13 சதவீதம். பத்துப் பேர் தாவினால் கண்டுகொள்ளாமல் விடலாம். எழுபது பேர் தாவினால், இந்தியாவில் இருக்கும் 300 பேருக்கு விலை கூடும். இது நடக்கிறதா என்று அறிய நிறுவனத்துக்குத் துப்பறிவாளர் தேவையில்லை. ரூபாயில் பணம் கட்டிவிட்டு, மாதக்கணக்கில் அமெரிக்கப் பகல் நேரத்தில் அமெரிக்க முகவரிகளிலிருந்தே உள்ளே வரும் கணக்குகளை எண்ணினால் போதும்.

“என் கார்டில் எதற்கு, உன் கார்டிலேயே போட்டுவிடு தம்பி, நான் அனுப்பிவிடுகிறேன்” என்று கடல் கடந்திருக்கும் அண்ணன் தாம்பரத்துத் தம்பியிடம் சொல்வது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிறோம். மாதம் ஐயாயிரம் டாலர் சம்பாதிக்கும் அண்ணனுக்கு மிச்சமாவது ஒரு காப்பிக் காசு. அதன் விலையைக் கட்டப்போவது யார் என்பதற்கு அர்ஜென்டினாவைப் பார்க்கலாம்.

ஸ்டீம் என்பது வால்வ் நிறுவனம் நடத்தும் கணினி விளையாட்டுகளின் இணையக் கடை. அர்ஜென்டினாவில் பெசோவிலும் துருக்கியில் லிராவிலும் விலை வைத்திருந்தது. இரண்டு நாணயங்களும் வேகமாக மதிப்பிழந்தன. விளையாட்டை உருவாக்கியவர்கள் விலையைத் திருத்தாமல் விட்ட இடங்களில், அவை டாலர் கணக்கில் மிகச் சொற்பமாகிவிட்டன. செல்வ நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் கணக்கை அர்ஜென்டினாவுக்கும் துருக்கிக்கும் மாற்றிக்கொண்டு வாங்கத் தொடங்கினார்கள். எப்படி மாற்றுவது என்று விளக்கும் காணொளிகள் பெருகின. 2021இல் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று ஸ்டீம் கட்டுப்பாடு வைத்தது. 2022 அக்டோபரில் அந்த நாணயங்களுக்கான பரிந்துரை விலைகளைப் பல மடங்கு உயர்த்தியது. கடைசியில் 2023 நவம்பர் 20 அன்று பெசோ விலையும் லிரா விலையும் நீக்கப்பட்டு, இரண்டு நாட்டினரும் டாலரில் கட்ட வேண்டியதாயிற்று. நிறுவனம் சொன்ன காரணம் நாணய மதிப்பின் தடுமாற்றம். வெளியாரின் தாவலும் சேர்ந்துதான் அந்தத் தாழ்ந்த விலையைக் காப்பாற்ற முடியாததாக்கியது என்பது என் முடிவு. பல விளையாட்டுகளின் விலை ஒரே நாளில் பல மடங்கானது. தாவி வாங்கியவர்கள் தங்கள் நாட்டு விலைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். புவனோஸ் ஐரஸில் இருக்கும் மாணவருக்குத் திரும்பிப் போக வேறு விலை இல்லை.

வேலியின் ஓட்டைகளைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, அந்த வேலி நாட்டின் எல்லையில் போடப்படுகிறது என்பதுதான். 800 ரூபாய் விலை இந்தியாவில் இருக்கும் எல்லாருக்கும் பொது. ஆயிரம் பிரதிநிதிகளை வைத்திருக்கும் மும்பை நிதி நிறுவனத்துக்கும் பழைய பெருங்களத்தூரில் இரண்டு பேரை வைத்து நடக்கும் பம்ப் பழுதுபார்ப்பு நிலையத்துக்கும் பட்டியலில் ஒரே எண். உண்மையில் ஒரே எண்கூட இல்லை. சந்தாவின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, 944 ரூபாயாகக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனம் அந்த 144 ரூபாயைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம், சரக்கு விற்பனைக்கு 40 லட்சம் என்ற வரம்புக்குக் கீழே இருப்பவர் பதிவு பெற வேண்டியதில்லை, அதனால் கழிக்கவும் முடியாது. ஏழைத் தொழிலுக்கு 944, பணக்காரத் தொழிலுக்கு 800. எல்லாத் தொழிலும் பதிவு பெற்றது என்று நினைத்துக்கொண்டு விலைப் பட்டியலில் வரி நீங்கலாக ஒரு தொகையைப் போடுபவர் இந்தத் திருப்பத்தைக் கவனிப்பதில்லை.

இதற்கு மாற்று இருக்கிறது, அதுவும் வல்லாஞ்சேரியிலேயே இருக்கிறது. ஸோஹோவின் கணக்கு மென்பொருளான புக்ஸில், ஆண்டு விற்றுமுதல் 25 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் இந்தியத் தொழில்களுக்கு இலவசத் திட்டம் வைத்தார்கள். அமெரிக்காவில் அதற்கான வரம்பு 50,000 டாலர். எந்த நாடு என்பதோடு எவ்வளவு பெரிய தொழில் என்பதையும் கேட்கும் விலை இது. சிஆர்எம்மிலும் மூன்று பேர்வரை இலவசம் என்பது, ஆள் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கும் இன்னொரு வழி. பெருங்களத்தூர்ப் பம்ப் நிலையத்துக்கு நிஜமான உதவி 800இல் இல்லை, இந்த மூன்றில் இருக்கிறது. இலவசத் திட்டத்தில் தொலைபேசி உதவியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால் முன்பு பார்த்த 150 ரூபாய்ச் சிக்கலும் வராது. அதன் எல்லையும் அதேதான். உதவி அதிகம் தேவைப்படுபவர், முதல்முறையாகக் கணினியில் கணக்கு எழுதுபவர், கூப்பிட ஆளில்லாமல் நிற்பார்.

நாட்டு எல்லையை அளவாகக் கொண்டால் வரும் இன்னொரு கேடு, தனி விலை வைக்கும் அளவுக்குச் சந்தை பெரிதாக இல்லாத நாடுகளுக்கு நேர்கிறது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாயைச் சந்தையின் போக்குக்கு விட்டபோது டாலர் சுமார் 200 ரூபாயில் இருந்தது. இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. டாலரில் மட்டும் விலை வைத்திருந்த எந்த 14 டாலர் சந்தாவும் யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு 2,800 ரூபாயிலிருந்து 5,000க்குப் போயிருக்கும். அவர் கடையில் ஒரு மிட்டாய்கூடக் கூடுதலாக விற்றிருக்காது. சேலையூர் நிறுவனத்துக்கு இலங்கையில் இருபது வாடிக்கையாளர்கள் என்றால், அவர்களுக்காக இலங்கை ரூபாயில் பணம் வாங்க ஏற்பாடு செய்து, தனி விலை வைத்து, வேலியைக் கண்காணிப்பது நிச்சயமாக நட்டம். ஆகவே சில நிறுவனங்கள் பல நாடுகளைச் சேர்த்து ஒரே குறைந்த டாலர் விலை வைக்கின்றன. ஸ்டீமும் தெற்காசியாவின் சிறு நாடுகளுக்கு அப்படித்தான் செய்திருக்கிறது. 14 டாலருக்குப் பதில் 7 டாலர் என்றால் யாழ்ப்பாணத்தில் 1,400 ரூபாயாக இருந்தது 2,500 ஆகியிருக்கும். தாங்கக்கூடியதுதான், ஆனால் உயர்வின் விகிதம் மாறவில்லை.

நாணயம் சரியும்போது அடி யார் மேல் விழுகிறது என்பதை, விலை எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. 800 ரூபாய் என்று ரூபாயில் எழுதினால், டாலர் 85 ஆனாலும் 90 ஆனாலும் தாம்பரத்து வாடிக்கையாளருக்கு ஒன்றும் ஆகாது, சரிவை விற்பவர் ஏற்கிறார். செலவும் பெரும்பாலும் ரூபாயில் இருக்கும் தென்சென்னை நிறுவனத்துக்கு அது பெரிய தியாகமும் இல்லை. கலிஃபோர்னியாவில் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கு அது உண்மையான இழப்பு, அதனால் அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்திய விலையை ஏற்றும். யாழ்ப்பாணத்துக்கு இந்த இரண்டுமே வாய்க்கவில்லை. மற்றவர்கள் கணக்குப் போட்டு விலக்கிவைத்த சரிவு முழுவதையும் அந்தக் கடைக்காரர்தான் ஒவ்வொரு மாதமும் தன் கார்டில் கட்டுகிறார்.